சட்டமே கேட்காத கேள்வி

ஒருவரின் திருமணம் முறியப்போகிறது என்ற செய்தி நண்பர்களுக்கு முழுசாக வந்து சேர்வதில்லை. வாட்ஸ்அப் முகப்புப் படம் மாறியிருக்கும். ஒரு கல்யாணத்துக்குத் தனியாக வந்திருப்பார். “இப்ப அம்மா வீட்டுலதான் இருக்கேன்” என்று பேச்சோடு பேச்சாக ஒரு வாக்கியம் விழும். கேட்டவரின் வாயில் உடனே மூன்று கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். என்னாச்சு? யார் மேல தப்பு? குழந்தை யார்கிட்ட?

இந்த மூன்றையும் கேட்க வேறு ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பெற்றோர் கேட்டிருப்பார்கள். பெரியப்பாவும் தாய்மாமனும் உட்கார்ந்து ஒரு பஞ்சாயத்து நடத்தியிருப்பார்கள். வக்கீல் கேட்டிருப்பார். குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர் கேட்பார், சமரச மையத்துக்குப் போனால் அங்கே ஒருவர் கேட்பார், கடைசியில் நீதிபதி. இத்தனை பேரிடமும் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி, சொல்கிறவருக்கே அது யாருடைய கதையோ என்று ஆகிவிடும். நண்பர் என்று ஒருவர் இருந்தால், அந்தக் கதை கேட்கப்படாத ஒரே இடமாக அவர் இருக்கலாம்.

அப்படி இருப்பது எப்படி என்பதற்கு ஒரு உதாரணத்தைக் கட்டிக்கொள்வோம். சென்னையில் வேலை பார்க்கும் இரண்டு தோழிகள். விவாகரத்துக்குப் போகிறவள் செல்வி, கூட நிற்கிறவள் பானு. பெயர்கள் கற்பனை. மற்றபடி இதில் வருவதெல்லாம் இந்து திருமணச் சட்டத்தின்படி பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள் நடந்துபோகிற பாதைதான். மற்ற மதத்தாருக்கும், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கும் சட்டம் வேறு, கால அளவும் கொஞ்சம் வேறுபடலாம். நண்பரின் வேலை மாறாது.

பானு முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு வழி செய்யும் 13பி பிரிவு, 1976-இல் சேர்க்கப்பட்டது. அது கணவன் மனைவியிடம் எதிர்பார்ப்பது மூன்றே விஷயங்கள். ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியவில்லை என்று சொல்ல வேண்டும். திருமணத்தை முடித்துக்கொள்ள இருவரும் சம்மதிக்க வேண்டும். ஏன் முடியவில்லை என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. மனுவில் வக்கீல்கள் ‘கருத்து வேறுபாடு’ என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவது அதனால்தான். கொடுமை, கைவிட்டுப் போதல் என்று ஒருவர் மேல் ஒருவர் காரணம் சொல்லி வாதாட வேண்டியது, ஒருவர் மட்டும் விவாகரத்து கேட்டு வழக்குப் போடும்போதுதான்.

பிரிந்து வாழ்வது என்றால் இரண்டு வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. ஆகவே, “போன தீபாவளிக்குக்கூட சேர்ந்துதானே இருந்தீங்க?” என்று பானு கணக்குப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அந்தத் தீபாவளிக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

நீதிமன்றத்தின் கதவும் இதே மரியாதையைக் காட்டுகிறது. அந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். நடந்ததை அச்சிட்டு வெளியிடக் கூடாது, மீறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆயிரம் ரூபாய் இன்றைக்குப் பெரிய தொகை இல்லை. ஆனால் ஒரு குடும்பம் உடைந்த விவரம் ஊர்ச்சொத்து அல்ல என்பதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. தெருமுனையில் நாம்தான் அதை மதிப்பதில்லை.

செல்வி செய்தியைச் சொன்ன அன்று பானு என்ன சொல்லலாம்? நீளமாக எதுவும் வேண்டாம். “சரிடீ. நீ சொன்னது நல்லதாப் போச்சு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இந்த வாரத்துல என்னால ஆக வேண்டியது ஏதாவது இருக்கா?” இவ்வளவு போதும். இதில் “ஏன்” இல்லை, “பாவம்” இல்லை, “கவலைப்படாதே, எல்லாம் நல்லதுக்குத்தான்” என்ற பொய்யும் இல்லை. இந்த வாரம் என்று குறித்துக் கேட்பதிலும் காரணம் உண்டு. “எது வேணும்னாலும் கேளு” என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டி வரட்டுமா என்றால் ஆம் என்றோ வேண்டாம் என்றோ பதில் வரும்.

தீர்ப்புச் சொல்வது கேள்வியை விட நுணுக்கமாக உள்ளே நுழையும். “கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமோ”, “குழந்தைக்காகவாவது” என்பவை தீர்ப்புகள் என்று எல்லோருக்கும் தெரியும். சேர்த்து வைப்பதற்காக இதைச் சொல்கிறோம் என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வேலைக்கும் சட்டத்தில் ஆள் உண்டு. 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, சமாதானத்துக்கு வழியிருந்தால் முயன்று பார்ப்பதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பானு அதில் கை வைக்க வேண்டியதில்லை.

ஆனால் பாசத்தில் வரும் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் நண்பர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம். “அவன் ஒரு ஆளா? எனக்கு ஆரம்பத்துலேருந்தே அவனைப் பிடிக்காது. நீ தப்பிச்சேன்னு நினைச்சுக்கோ.” சொல்லும்போது தோழியின் பக்கம் நிற்பதாகத்தான் தோன்றும். கேட்கிறவளுக்கு அது இரண்டு விதமாகக் குத்தும். அத்தனை மோசமானவனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாயே என்று அவளுடைய புத்தியையும் சேர்த்துச் சொன்னதாகிறது. தவிர, அவளுக்கு இன்னும் அவன் மேல் கொஞ்சம் பிரியம் மிச்சமிருக்கலாம். அதை இனி பானுவிடம் காட்ட முடியாது.

இதற்கு நடைமுறையிலும் ஒரு காரணம் இருக்கிறது. 13பி மனு போட்ட பிறகு முதல் விசாரணையில் இருவரின் வாக்குமூலமும் பதிவாகும். அதன்பின் மனு போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், பதினெட்டு மாதத்துக்குள் திரும்ப வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும் என்பது சட்டம். சமரசத்துக்கு வழியே இல்லை, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடிந்துவிட்டது என்ற நிலையில் இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்டவர்களுக்கெல்லாம் அது கிடைத்துவிடுவதில்லை. இந்தக் காத்திருப்புக் காலம் யோசித்துப் பார்ப்பதற்காகவே விடப்பட்டது. தீர்ப்புக்கு முன் இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அப்படிப் பெற்றுத் திரும்பச் சேர்ந்தவர்களும் உண்டு. சேர்ந்த பிறகு அந்த வீட்டுக்குள் நுழைய முடியாமல் போவது, “அவன் ஒரு ஆளா” என்று சொன்ன நண்பர்தான்.

சேராமலே போனாலும், அவன் செல்வியுடைய பிள்ளைக்கு அப்பா. சனிக்கிழமைதோறும் பார்க்க வருவான். பானு திட்டியதை அடுத்த அறையிலிருந்து பிள்ளை கேட்டிருந்தால் அதற்கு மருந்து கிடையாது.

விவரம் கேட்காமல் இருப்பதில் பானுவுக்கே ஒரு பாதுகாப்பும் உண்டு. பலருக்கும் இது தெரிவதில்லை. பரஸ்பர சம்மதமாகத் தொடங்கிய விஷயம் நகையிலோ பணத்திலோ முறிந்து, ஒருவர் மேல் ஒருவர் வழக்காக மாறுவது அபூர்வம் இல்லை. அப்போது சாட்சி தேவைப்படும். யாருக்கு என்ன தெரியும் என்று இரண்டு வக்கீல்களும் தேடுவார்கள். கேள்வி கேட்டுக் கேட்டுக் கதையைச் சேர்த்து வைத்திருக்கும் நண்பர் அந்தப் பட்டியலில் முதலில் வருவார். பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்வதோடு முடியாது, கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டும். கண்ணால் கண்டது உண்மையிலேயே இருந்து, தோழிக்கு அது தேவைப்பட்டால் போய்ச் சொல்வது நியாயம்தான். காதால் கேட்டதை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பதில் தோழிக்கும் லாபமில்லை.

வாட்ஸ்அப்பும் அப்படியே. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வழக்கமான சாட்சியச் சட்டத்தின் கட்டுகளைத் தளர்த்தி, வழக்கைத் தீர்க்க உதவும் எந்த ஆவணத்தையும் எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கணவன் மனைவிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த தொலைபேசி உரையாடலைக்கூட விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. இந்த நிலையில், “விடாதே, ஒரு பைசா குறையாம வாங்கு” என்று பானு ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பிய செய்தி எங்கே போய் முளைக்கும் என்று சொல்ல முடியாது. எழுத்தில் சாப்பாடும் பேருந்து நேரமும் போதும். மற்றவை நேரில்.

சரி, பானு கேட்கவில்லை, செல்வியே சொல்கிறாள் என்றால்? சொல்லட்டும். விவரம் கேட்காதே என்றால் காதைப் பொத்திக்கொள் என்று அர்த்தமில்லை. அவள் சொல்லும்போது “அப்புறம் அவன் என்ன சொன்னான்?” என்று நூல் பிடித்து இழுக்காமல் இருந்தால் சரி. அவள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்திவிடலாம். மறுநாள் அதை எடுத்துப் பேசவும் வேண்டாம். ராத்திரி அழுகையில் கொட்டியதற்குக் காலையில் வெட்கப்படுகிறவர்கள் நிறைய பேர். சொன்னதைக் கேட்டவள் அதைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்த முறை மனம் விட்டுப் பேச வரும்.

இன்னொரு சௌகரியம் வெளியாரிடம் தெரியும். அலுவலகத்தில், அடுக்குமாடியில், கல்யாண வீட்டில் பானுவைப் பிடித்து, “உனக்குத் தெரியாம இருக்குமா, என்னதான் நடந்துச்சு?” என்று கேட்பார்கள். “எனக்குத் தெரியாதுங்க, நான் கேட்கலை” என்று அவள் சொல்வது உண்மை. பொய் சொல்ல வேண்டியதில்லை, முகம் மாற வேண்டியதில்லை. “அவகிட்டயே கேட்டுக்கோங்க” என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. கேட்கத் தயங்கியவர்களுக்கு அது அனுமதிச் சீட்டு.

இனி வாய்தா நாள். சென்னையின் குடும்ப நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கின்றன. மெட்ரோவில் வந்தால் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். வக்கீல் பத்தரைக்கு வரச் சொல்லியிருப்பார். பெயர் கூப்பிடுவது பதினொன்றிலும் நடக்கும், மதியத்துக்கு மேலும் நடக்கும். நீதிபதி விடுப்பு என்றால் எல்லோரும் அடுத்த தேதி வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். இதற்காக அலுவலகத்தில் விடுப்புச் சொல்லி, பிள்ளையை ஏதோ ஒரு வீட்டில் விட்டு, ராத்திரி தூங்காமல் வந்திருப்பாள் செல்வி.

பானு கூட வருவதென்றால் மூடிய விசாரணை என்பதால் உள்ளே போக முடியாது. அவள் இடம் வெளியே தாழ்வாரம். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பது சின்ன உதவி இல்லை. தண்ணீர் பாட்டில், தயிர் சாதமோ பிஸ்கட்டோ, போன் சார்ஜர், ஆதார் முதலிய அசல் காகிதங்கள் இருக்கும் உறை, இவை பானுவின் பையில் இருந்தால் செல்வி கையை வீசிக்கொண்டு நடக்கலாம். பெயரைக் கூப்பிடும்போது கழிவறையில் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே பலர் மணிக்கணக்காக எழுந்திருப்பதில்லை. “நீ போயிட்டு வா, நான் காது கொடுத்துக்கிட்டு இருக்கேன், வந்து கூப்பிடறேன்” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அதே தாழ்வாரத்தில், சில சமயம் அதே பெஞ்சில், செல்வியின் கணவனும் உட்கார்ந்திருப்பான். கூட அவன் அம்மாவோ அக்காவோ இருக்கலாம். பானு அவன் கையால் எத்தனையோ தடவை காபி வாங்கிக் குடித்திருப்பாள். அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வதா, பேசுவதா? முன்னாலேயே செல்வியிடம் கேட்டுவிடுவது நல்லது. “அவரைப் பார்த்தா நான் தலையாட்டிட்டு வந்துடறேன், சரியா?” என்றால் பெரும்பாலும் சரி என்பாள். தலையசைப்புக்கு மேல் அங்கே எதுவும் வேண்டாம். வழக்கைப் பற்றித் தாழ்வாரத்தில் வாயே திறக்கக் கூடாது, சுவருக்குச் சுவர் எதிர்த்தரப்பு. அவன் அக்கா வந்து, “நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?” என்று ஆரம்பித்தால், “நான் துணைக்கு வந்தேன்க்கா, மத்தது எதுவும் எனக்குத் தெரியாது” என்று சொல்லி எழுந்துவிடலாம்.

வெளியே வந்ததும், “உள்ளே என்ன கேட்டாங்க?” என்று தொடங்காமல், “சாப்பிடலாமா?” என்று கேட்டால் போதும். செல்வி சொல்லிக்கொள்ள நினைத்தால் இட்லிக்கு நடுவில் தானாக வரும். அடுத்த வாய்தா தேதியை மட்டும் கேட்டு பானு தன் போனில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று தெரியும்படி ஒரு செய்தி அனுப்ப வேண்டும். நட்பில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். துக்கம் விசாரிக்கிறவர்கள் நிறைய. தேதியை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

வாய்தாவைவிடக் கடினமான நாள் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சாமான் எடுக்கப் போகிற நாள். பேசி முடித்த பிறகு, சீராக வந்த பீரோ, கட்டில், கிரைண்டர், பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்து வர ஒரு டெம்போ பிடிப்பார்கள். நம் ஊர் எவர்சில்வர் பாத்திரங்களில் யார் கொடுத்தார்கள் என்று பெயர் வெட்டியிருக்கும், பலவற்றில் கல்யாணத் தேதியும் இருக்கும். சித்தி கொடுத்த குடம், அலுவலக நண்பர்கள் சேர்ந்து கொடுத்த குத்துவிளக்கு. ஒவ்வொன்றையும் எடுத்துப் பட்டியலில் குறி போடும்போது அந்தக் கல்யாணமே மறுபடி கண் முன்னால் வந்து நிற்கும். பானு கொடுத்த பாத்திரமும் அதில் இருக்கலாம்.

இந்த நாளில் அம்மா, அண்ணனைவிட ஒரு நண்பர் பக்கத்தில் இருப்பது பல வீடுகளில் சண்டையைத் தவிர்க்கிறது. அண்ணனுக்குக் கோபம் இருக்கும், அந்தப் பக்கத்திலும் கோபம் இருக்கும். பானுவிடம் பட்டியல் இருக்கும். எடுக்கிற ஒவ்வொன்றையும் எழுதி, போட்டோ எடுத்து, கடைசியில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வைத்துவிட்டால் பின்னால் ‘குடம் காணோம்’ என்ற வழக்கு வராது. பட்டியலில் இல்லாத பொருளைத் தொட வேண்டாம். ஒரு பொருளின் மேல் தகராறு வந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வக்கீலிடம் சொல்வதுதான் சரி. நகை டெம்போவில் போகும் சரக்கு அல்ல. அதை வக்கீல்கள் முன்னிலையில் எடை போட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த வீட்டுக்குள் பானுவின் கண்ணில் பலதும் படும். தனித்தனியாகப் போட்ட படுக்கை, உடைந்த கதவுத் தாழ்ப்பாள், சுவரில் படம் இருந்த இடத்தில் வெளுத்த சதுரம். எதையும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். தாழ்ப்பாள் எதனாலோ உடைந்திருக்கலாம்.

ஆனால் இங்கேதான் விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. செல்வி இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கிறாள், அடிபட்ட தடம் தெரிகிறது, அல்லது அவன் பெயரைக் கேட்டாலே அவள் உடம்பு இறுகுகிறது என்றால் பானு ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். “ராத்திரி பயமில்லாம தூங்க முடியுதா?” ஏன், எப்போதிலிருந்து என்பதெல்லாம் இதில் இல்லை. இல்லை என்று பதில் வந்தால் அடுத்து யோசிக்க வேண்டியது இன்றைய ராத்திரியைப் பற்றி மட்டும். பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருக்கும் எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம், நல்லெண்ணத்தில் தெரிவித்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்கிறது. ஆனாலும், உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய, செல்வியிடம் சொல்லாமல் பானு புகார் கொடுக்கப் போகக் கூடாது. புகார் போன அன்றிரவு அந்த வீட்டில் இருக்கப்போவது செல்விதான். “இருந்து என்ன ஆகப்போகுது” என்ற தொனியில் பேச்சு வந்தாலும் சுற்றி வளைக்க வேண்டாம். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கட்டணமில்லாத மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

இதுவரை பெண்ணாகவே சொல்லி வந்தேன். ஆணின் நிலையில் ஒரு வேறுபாடு. அவனிடம் யாரும் விவரம் கேட்பதில்லை, ஏனென்றால் எதுவுமே கேட்பதில்லை. “விடு மச்சான்” என்று ஒரு வரி, ஒரு ராத்திரி மதுக்கடை, அதோடு நண்பர்கள் கடமை முடிந்ததாக நினைத்துவிடுவார்கள். கேட்காமல் இருப்பதும் கண்டுகொள்ளாமல் விடுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே இருப்பவனுக்குத் தெரியும் எது எது என்று. அவனுக்குப் பெரிய சிக்கல் சனிக்கிழமை. இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை பிள்ளை அவனோடு இருக்கும். தங்கியிருப்பது பேச்சிலர் அறை, அங்கே கூட்டிப் போக முடியாது. பூங்கா, மால், ஐஸ்கிரீம் என்று மூன்றாவது வாரத்திலேயே இடம் தீர்ந்துவிடும். பிள்ளைகள் உள்ள நண்பன் ஒருவன், “சனிக்கிழமை இங்க வந்துடுடா, பசங்க விளையாடட்டும், உங்களுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறோம்” என்று சொல்லி, அதை வாரவாரம் வழக்கமாக்கினால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிள்ளையிடம், “அம்மா எப்படி இருக்காங்க, என்ன சொல்றாங்க?” என்று யாரும் உளவு பார்க்காமல் இருந்தால்.

கணவனும் மனைவியும் இரண்டு பேருமே நண்பர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். “அவகிட்ட சொல்லிடு, அந்த எல்ஐசி பத்திரம்…” என்று ஒருமுறை தூது போனால் பிறகு அதுவே வேலையாகிவிடும். சொன்ன வார்த்தை ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்று என்று நடுவில் இருப்பவர் மேல்தான் பழி வரும். “வக்கீல் மூலமா சொல்லிடுப்பா, நான் நடுவுல வரலை” என்று முதல் தடவையே சொல்லிவிட வேண்டும். இவளிடம் அவனைப் பார்த்ததை மறைக்கவும் வேண்டாம், அவன் இளைத்துப் போயிருக்கிறான் என்று செய்தி வாசிக்கவும் வேண்டாம்.

தீர்ப்பு நாள் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்று போன் செய்பவர்கள் உண்டு, அதற்குப் பிறகு குறைந்துவிடுவார்கள். வேலையோ அதற்குப் பிறகுதான். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு வாங்க வேண்டும். கூடுதலாக இரண்டு மூன்று நகல் வாங்கி வைப்பது நல்லது, ஏனென்றால் எல்லா அலுவலகமும் அதைத்தான் முதலில் கேட்கும். ரேஷன் அட்டையில் ஒரு பெயரை நீக்கி இன்னொரு அட்டையில் சேர்ப்பது, கூட்டுக் கணக்கையும் வங்கி லாக்கரையும் பிரிப்பது, பி.எஃப்., காப்பீடு எல்லாவற்றிலும் நாமினி மாற்றுவது. இதில் நாமினியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஒவ்வொரு கவுண்டரிலும் ‘கணவர் பெயர்’ என்ற கட்டத்துக்கு முன்னால் செல்வி ஒரு கணம் நிற்பாள். ஒரு சனிக்கிழமை காலை பானு தன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்து, படிவங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக் கொடுத்தால் நாலு மாதம் தள்ளிப்போன வேலை ஒரே நாளில் முடியும்.

பிறகு வருவது விசேஷங்கள். மனசு நோகுமே என்று நினைத்து செல்வியை வளைகாப்புக்கும் கொலுவுக்கும் கூப்பிடாமல் விடுகிறார்கள். கூப்பிட்டாலும் கழுத்தையும் கால் விரலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாம்பூலத் தட்டை அவளைத் தாண்டி அடுத்தவரிடம் நீட்டுகிறார்கள். பானு தன் வீட்டுக் கொலுவில் போன வருஷம் எப்படியோ அப்படியே இந்த வருஷமும் கூப்பிட்டு, குங்குமச் சிமிழை நீட்ட வேண்டும். எடுத்துக்கொள்வதும் கொள்ளாததும் செல்வி விருப்பம். வர மனமில்லை என்றால், “சரி, சுண்டலை வீட்டுக்கு அனுப்பறேன்” என்று விட்டுவிடலாம். வற்புறுத்திக் கூட்டி வந்து நடுக்கூடத்தில் உட்கார வைப்பதும் ஒருவகைக் கண்காட்சிதான்.

பானு வீட்டிலேயே ஒரு கல்யாணம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பு ஒரே உறையில் ‘திரு, திருமதி’ என்று போன பத்திரிகை இப்போது இரண்டு உறையாகும். செல்விக்கு அவள் பெயரில் ஒன்று. அவனும் நட்பில் இருக்கிறான் என்றால் அவன் பெயரில் ஒன்று. இருவரையும் கூப்பிட்டிருப்பதை இருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மண்டப வாசலில் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. “அவரும் வர்றார்டீ. நீ முகூர்த்தத்துக்கு வர்றியா, ரிசப்ஷனுக்கு வர்றியா, உனக்கு எது வசதியோ சொல்லு.” செல்வி ரிசப்ஷன் என்றால், ஏன் என்று கேட்காமல், பந்தியில் அவளுக்குத் தன் பக்கத்தில் ஓர் இலை போடச் சொல்லி வைத்தால் சரி.